வெளிவராத பேட்டி

இந்த வருடப் பள்ளிப் பத்திரிகையின் அட்டைக்கு ஹம்ஸினியின் படம்தான் என்று முதல்வர் பக்தவத்சலம் ஆசிரியர் அறைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இரண்டு பக்கத்துக்கு அவள் பேட்டி வரவேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸில் மாநில அளவில் இரண்டு தங்கம் வாங்கியவள். ஆறாம் வகுப்பு. தேசியப் போட்டிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

பத்திரிகைப் பொறுப்பு நஸ்ரினிடம் இருந்தது. மேலப்பாளையத்துக்காரி, கணவன் இர்பானுக்கு மாதாப்பூரில் வேலை கிடைத்ததால் ஹைதராபாத்துக்கு வந்தவள். கொண்டாப்பூரில் வீடு, மாரெட்பள்ளியில் பள்ளிக்கூடம். தினமும் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பஸ். ஆங்கிலம் கற்பித்தாள்.

பேட்டி எடுப்பதற்கு அவளிடம் சில கட்டுப்பாடுகள் இருந்தன. முந்தைய வருடம், அவள் சேர்வதற்கு முன்னால், ரிலே ஓட்டத்தில் கட்டையைத் தவறவிட்ட ஏழாம் வகுப்புப் பையனிடம், "உன்னாலதான் கோப்பை போச்சு, எப்படி இருக்கு உனக்கு?" என்று பெரிய வகுப்பு மாணவர்கள் கேட்டு அதை அச்சிலும் போட்டுவிட்டார்கள். அந்தப் பையன் அதற்கப்புறம் மைதானத்துக்கே போகவில்லை. அதனால் நஸ்ரின் வந்ததும் சொல்லிவிட்டாள்: பெற்றோர் சம்மதம் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும். எடை, உடம்பு, சாப்பாடு பற்றிக் கேள்வி கிடையாது. தோல்விக்குக் காரணம் கேட்கக்கூடாது. ஜெயிப்பாயா என்றும் கேட்கக்கூடாது. அதற்குப் பிள்ளை சொல்லும் பதில் ஒரு வாக்குறுதியாகிவிடும். எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டவேண்டும். பிள்ளை எடு என்றால் எடுத்துவிட வேண்டும்.

பேட்டி எடுக்கத் தாரிணியை அனுப்ப முடிவு செய்தாள். பதினோராம் வகுப்பு, கோயம்புத்தூர்க் குடும்பம். தாரிணி எழுதிக்கொண்டு வந்த கேள்விகளில் முதல் கேள்வியே, "நேஷனல்ஸில் தங்கம் நிச்சயமா?" என்று இருந்தது. அடுத்த நாள் அவளே அதை அடித்துவிட்டு வந்தாள்.

"மிஸ், இதை என்கிட்ட யாராச்சும் பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடி கேட்டா நான் அழுதிருவேனுங்க," என்றாள்.

ஹம்ஸினியின் அப்பா சக்ரபாணி பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அதிகாரி. செகந்திராபாதிலேயே பிறந்து வளர்ந்தவர். சம்மதக் கடிதத்தில் உடனே கையெழுத்துப் போட்டதோடு, கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாளையும் நீட்டினார்.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு பதிலெல்லாம் நானே எழுதிண்டு வந்துட்டேன் மேடம். அப்படியே போட்டுக்கலாம்."

முதல் வரியில் 'வலி என்பது மனதில்தான் இருக்கிறது' என்று இருந்தது.

"ரொம்ப நன்றி சார். ஆனா ஹம்ஸினிகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும். அவ விருப்பப்பட்டாத்தான்."

"காய்கு? எதுக்கு மேடம்?" என்று சிரித்தார் சக்ரபாணி. "பதினோரு வயசுக் கொழந்தைக்கு என்ன விருப்பம்? நான் சொன்னா சரிம்பா."

"அதுக்குத்தான் சார் அவகிட்ட தனியா கேக்கணும்."

நூலக வராந்தாவில் ஹம்ஸினியை உட்காரவைத்து நஸ்ரின் பேசினாள். பத்திரிகையை யாரெல்லாம் படிப்பார்கள், படம் எங்கே வரும், எதற்கும் பதில் சொல்லாமல் விடலாம், பாதியில் எழுந்து போகலாம், பேட்டியே வேண்டாம் என்றாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றெல்லாம் நிதானமாகச் சொன்னாள்.

"அப்பா சைன் பண்ணிட்டாரே மிஸ்?"

"அது அப்பா சொன்னது. உனக்கு எப்படி?"

ஹம்ஸினி வெகுநேரம் தன் ஷூவையே பார்த்தாள். ஒல்லியான பெண். தலைமுடியை இழுத்துக் கட்டியதில் நெற்றியே மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"வாசு சார் படிப்பாரா?"

வாசு அவளுடைய பயிற்சியாளர். தனியாக அகாடமி நடத்தினார்.

"பத்திரிகை வெளியில போனா யாரு வேணா படிக்கலாம். அதனாலதான் நீ சொல்றதுல எது வேண்டாமோ அதை எடுத்துடுவோம். இன்னொண்ணும் இப்பவே சொல்லிடுதேன்மா. உனக்கு ஏதாவது அடிபடுது, கஷ்டம் வருதுன்னு நீ சொன்னா, அதைப் பத்திரிகையில போட மாட்டோம். ஆனா உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட நான் சொல்லியாகணும். யார்கிட்ட சொல்லுதேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்."

ஹம்ஸினி தலையாட்டினாள். இன்றே பதில் சொல்ல வேண்டாம், யோசித்துவிட்டு வா என்று அனுப்பினாள் நஸ்ரின். மறுநாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் அவளாகவே தேடி வந்து, "ஓகே மிஸ். ஆனா அக்கா மட்டும் கேக்கட்டும்," என்றாள்.

அதே வராந்தாவில் பேட்டி நடந்தது. நஸ்ரின் சற்றுத் தள்ளி, கண்ணில் படும்படி, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தாரிணி ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டி, "இதை வெச்சுக்கட்டுமா? வேண்டாம்னா எழுதிக்கறேன்," என்றாள். ஹம்ஸினி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்தினால் நிற்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மேஜைமேல் வைத்தாள்.

"தமிழா, தெலுங்கா, இங்கிலீஷா? உனக்கு எது ஈஸி?"

"மிக்ஸ்," என்று முதன்முதலாகச் சிரித்தாள்.

ஜிம்னாஸ்டிக்ஸில் எது பிடிக்கும் என்று தாரிணி கேட்டாள். பீம் என்றாள் ஹம்ஸினி. கை அகலம்கூட இல்லாத அந்தக் கட்டைமேல் நிற்கும்போது மட்டும் யாரும் அவளிடம் பேச மாட்டார்களாம். பேசினால் விழுந்துவிடுவாள் என்று பயப்படுவார்களாம்.

"பிராக்டிஸ் இல்லாத நாள்ல என்ன பண்ணுவே?"

"பிராக்டிஸ் இல்லாத நாள் லேது அக்கா. டெய்லி உண்டு."

"உடம்பு சரியில்லைன்னா?"

"அப்பவும் உண்டு."

நடுவே தாரிணி அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். ஹம்ஸினி மூடியை வலது கையால் திருகப் பார்த்து, விட்டுவிட்டு, முழங்கால்களுக்கிடையே பாட்டிலை இடுக்கி இடது கையால் திறந்தாள். தாரிணி அதைப் பார்த்தாள். கையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தவள், கேட்காமல், "இதுல உனக்கு ஏதாச்சும் கஷ்டமா இருக்கா? சொல்ல வேண்டாம்னா அடுத்த கேள்விக்குப் போயிரலாம்," என்றாள்.

தாரிணி அவசரப்படவில்லை. கீழே யாரோ பந்து அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கை," என்றாள் ஹம்ஸினி. "மணிக்கட்டு. ரொம்ப நாளா. வாசு சார் டேப்லெட் தருவார். அது போட்டா பிராக்டிஸ் முடியற வரைக்கும் வலிக்காது. அப்புறம் வலிக்கும். பல் தேய்க்க முடியாது. அப்பாவுக்குத் தெரியும். செலக்ஷன் முடியட்டும், அப்புறம் டாக்டர்ன்னார்."

சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளுத்தது. இடது கையால் கருவியை அழுத்தி நிறுத்தினாள்.

"நக்கோ அக்கா, வேண்டாம். இது எழுதாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. ப்ளீஸ்."

நஸ்ரின் எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"எழுத மாட்டோம். பேட்டி வேண்டாம்னா பேட்டியே வராது. ஆனா இதை நான் சொல்லியாகணும்மா. அன்னிக்கே சொன்னேன்லா? மொதல்ல உங்க அம்மாகிட்ட. அப்புறம் பிரின்சிபால் சார்கிட்ட. வேற யார்கிட்டயும் இல்ல. சரியா?"

ஹம்ஸினி பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"இனி நம்மகிட்ட பேசவே மாட்டா மிஸ்," என்றாள் தாரிணி. கொஞ்சம் கழித்து, "ஆனா நீங்க சொல்லுவீங்கன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னா," என்றாள்.

அன்று மாலையே ஹம்ஸினியின் அம்மா கல்பகத்தைப் பள்ளிவாசலில் பார்த்து நஸ்ரின் விஷயத்தைச் சொன்னாள். ஸ்கூட்டியை நிறுத்திய கல்பகம் இறங்காமலே கேட்டாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சேளா மிஸ்? நான்தானே அவளுக்குத் தலை பின்னி விடறேன், சாதம் பிசைஞ்சு ஊட்டறேன். அவர்கிட்ட சொல்லிப் பார்த்துட்டேன். நீ அவளைக் கெடுக்காதேங்கறார்."

"ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. வளர்ற எலும்பு. இப்ப ஓய்வு குடுத்தா சரியாயிடும்பாங்க. விட்டுட்டா கையே வளராமப் போயிடலாம்."

கல்பகம் ஹாரன்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "அவர் இல்லாதப்போ அழைச்சுண்டு போறேன்," என்றாள். போகவில்லை. அல்லது போக முடியவில்லை.

முதல்வரிடம் நஸ்ரின் எழுத்தில் கொடுத்தாள். இது பேட்டியில் வந்த விஷயம், பயிற்சியாளர் காதுக்குப் போனால் பிள்ளைக்குத்தான் ஆபத்து, முதலில் ஒரு மருத்துவர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்று வாயாலும் சொன்னாள். பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தேசியப் போட்டிக்கு ஒரு பிள்ளை போனால் சேர்க்கைக் காலத்தில் வாசலில் பெரிய பேனர் கட்டலாம் என்பதும் அவர் மனதில் இருந்தது. "ரெண்டு பக்கமும் கேக்கணும் மேடம்," என்றார். அன்றைக்கே சக்ரபாணிக்கும் வாசுவுக்கும் போன் செய்தார்.

மறுநாள் முதல்வர் அறைக்கு நஸ்ரினையும் தாரிணியையும் கூப்பிட்டபோது சக்ரபாணியும் வாசுவும் ஏற்கெனவே நாற்காலிகளில் இருந்தார்கள். ஹம்ஸினி அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"சார், பிள்ளையை வெளியில அனுப்புங்க. அவ முன்னால வேண்டாம்," என்றாள் நஸ்ரின்.

"ஏன்? அவ சொன்னதாத்தானே சொல்றேள்?" சக்ரபாணி திரும்பி மகளைப் பார்த்தார். "நீ அப்படிச் சொன்னியா? வாசு சார் மாத்திரை குடுத்து ஆட வெக்கறார்ன்னு?"

"இல்லப்பா."

"அப்போ மிஸ் பொய் சொல்றாளா?"

"மிஸ் கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

தாரிணி நஸ்ரினைப் பார்த்தாள். ஒலிப்பதிவுக் கருவி அவள் ஸ்கர்ட் பையில் இருந்தது.

வாசு இதுவரை பேசவில்லை. அமைதியான, மரியாதையான ஆள். எழுந்து வந்து ஹம்ஸினியின் வலது கையை எடுத்தார். உள்ளங்கையைப் பிடித்து மணிக்கட்டைப் பின்பக்கமாக மெல்ல மடக்கினார். மேலும் மடக்கினார்.

"வலிக்குதாம்மா?"

ஹம்ஸினியின் கண்கள் சுவரில் இருந்த கடிகாரத்தில் நிலைத்திருந்தன. "லேது சார்."

"விடுங்க அவளை!" நஸ்ரின் நடுவில் போய்த்தான் அந்தக் கையை விடுவித்தாள்.

"பேட்டியை ரெக்கார்ட் பண்ணினீங்கதானே?" என்றார் முதல்வர். "போட்டுக் காட்டிடுங்க மேடம். பிரச்சினை முடிஞ்சது. யார் சொல்றது நிஜம்னு தெரிஞ்சிடும்."

அறையில் எல்லோரும் நஸ்ரினைப் பார்த்தார்கள். ஹம்ஸினியும் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பின்னால் நஸ்ரின் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். போடாதீர்கள் என்றுதான் அது சொன்னது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. அப்பா முன்னால், அந்த ஆள் முன்னால், 'பல் தேய்க்க முடியாது' என்ற அந்தச் சின்னக் குரல் ஒலித்தால், இன்று மாலை இவள் இவர்களோடுதான் வீட்டுக்குப் போகவேண்டும்.

"அது அவ நம்பிச் சொன்னது சார். வேண்டாம்னு சொல்லிட்டா. இங்க போட மாட்டேன். ஒரு டாக்டர்கிட்டன்னா போடுதேன். என்னை நம்ப வேண்டாம், எக்ஸ்ரேயை நம்புங்க. ஒரு எக்ஸ்ரே எடுங்க, போதும்."

"அப்போ ரெக்கார்டே இல்ல," என்றார் சக்ரபாணி. "எதுவுமே இல்ல. கொழந்தை பேரைக் கெடுக்கறதுக்கு ஒரு பத்திரிகை!"

தாரிணியின் கை பைக்குள் போனது. நஸ்ரின் தலையசைத்தாள். தாரிணி கையை வெளியே எடுத்துவிட்டாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

அன்றே நஸ்ரினைப் பத்திரிகைப் பொறுப்பிலிருந்து விலக்கினார்கள். ஹம்ஸினியிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அவள் குழந்தைகளுக்கான உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஹம்ஸினியின் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். கூடத்தில் அப்பா உட்கார்ந்திருக்க, எல்லாம் நன்றாக இருப்பதாக ஹம்ஸினி அவளிடம் சொன்னாளாம். தனியாகப் பேச இன்னொரு முறை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் அதற்குள் தேசியப் போட்டிக்கான தேர்வு நாள் வந்துவிட்டது.

வால்ட்டில் நடந்தது. ஓடி வந்து மேடையில் கைகளை ஊன்றி எகிறவேண்டும். வலது கை ஊன்றவில்லை, மடங்கிவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முழு உடம்பும் அந்தக் கைமேல் விழுந்தது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிக் கல்பகத்திடம், உடைந்தது இன்றைக்குத்தான், ஆனால் எலும்பின் வளரும் நுனி பல மாதங்களாகவே நசுங்கிக்கொண்டிருந்திருக்கிறது, இனி அந்தப் பக்கம் சரியாக வளருமா என்று சொல்ல முடியாது என்றார். சக்ரபாணி ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பிடித்தபடி நின்றார். யாரும் அவரிடம் பேசவில்லை.

பத்திரிகை வெளிவந்தது. அட்டையில் பீம்மேல் நிற்கும் ஹம்ஸினி. உள்ளே, புதிய பொறுப்பாசிரியர் ஸ்ரீனிவாசன் சக்ரபாணியின் தாளை அப்படியே போட்டிருந்தார். 'வலி என்பது மனதில்தான் இருக்கிறது' என்பது தலைப்பு. விபத்துக்கு முன்பே அச்சுக்குப் போய்விட்டது, நிறுத்த முடியவில்லை என்றார்கள். தாரிணி ஆசிரியர் குழுவில் தன் பெயரை எடுக்கச் சொல்லியிருந்தாள். அதை மட்டும் எடுத்திருந்தார்கள்.

கோடை விடுமுறை தொடங்கியபின் கல்பகம் போன் செய்து நஸ்ரினையும் தாரிணியையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். சக்ரபாணி வேலைக்குப் போயிருந்தார்.

"வாசு மேல ஜிம்னாஸ்டிக்ஸ் அசோசியேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேன் மிஸ். எக்ஸ்ரே இருக்கு. அவ பையில இருந்த மாத்திரை இருக்கு. எங்காத்துக்காரர் தடுக்கலை. பேசறதே இல்லை இப்போ. அந்த ரெக்கார்ட் உங்ககிட்ட இருக்குன்னா குடுங்கோ. அதைக் கேட்டா யாராலும் மறுக்க முடியாது."

கருவி தாரிணியிடம் இருந்தது. அழிக்காமல் வைத்திருந்தாள்.

"ஹம்ஸினியைக் கேக்கணும்," என்றாள் நஸ்ரின்.

"நான் அம்மா. நான் சொல்றேனே."

"அவளையும் கேக்கணும்மா."

ஹம்ஸினி உள்ளறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் பிரித்தாகிவிட்டது. மெலிந்த கை மடியில் கிடந்தது. மணிக்கட்டு லேசாக ஒரு பக்கம் திரும்பியிருந்தது. தாரிணி கருவியைக் காட்டாமல், அம்மா என்ன கேட்கிறார்கள், கொடுத்தால் யார் யார் கேட்பார்கள், வாசுவும் கேட்கக்கூடும், கொடுக்காவிட்டாலும் புகார் நிற்காது என்று விளக்கிச் சொன்னாள். பிறகு காத்திருந்தாள்.

"அன்னிக்கு ஏன் மிஸ் போடல?" என்றாள் ஹம்ஸினி, நஸ்ரினைப் பார்த்து.

நஸ்ரின் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ வேண்டாம்னு சொல்லியிருந்தே."

"சொன்னேன். ஆனா நீங்க போட்டுடுவீங்கன்னு நெனச்சேன். போட்டிருந்தா அப்பா அடிச்சிருப்பார். அப்புறம் செலக்ஷனுக்குப் போயிருக்க மாட்டேன்." அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. கணக்கில் ஒரு படியை விளக்குவதுபோலச் சொன்னாள்.

"உன்னை வெளியில கூட்டிட்டுப் போய்க் கேட்டிருக்கணும்," என்றாள் நஸ்ரின். "கேக்கல. தப்பு என்னுது."

கதவோரம் நின்றிருந்த கல்பகம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்போ குடுக்கலாமா?" என்று தாரிணி மெல்லக் கேட்டாள். "எதுன்னாலும் சரி. இன்னிக்கே சொல்ல வேண்டாம்."

ஹம்ஸினி யோசித்தாள். "வேண்டாம்," என்றாள். "வாசு சார் என் குரலைக் கேக்க வேண்டாம். அழிச்சிடுங்க. நான் பாக்கணும்."

"ஹம்ஸா, அது இருந்தாத்தாண்டி..." என்று ஆரம்பித்த கல்பகம், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

தாரிணி நஸ்ரினைப் பார்க்கவில்லை. கருவியை ஹம்ஸினியின் இடது கையில் கொடுத்து, எந்தப் பொத்தான் என்று காட்டினாள். ஹம்ஸினியே அழுத்தினாள். திரை வெறுமையானதும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள்.

புகார் போனது. நஸ்ரின் தனக்குத் தெரிந்ததைத் தன் பெயரில் எழுதிக் கையெழுத்திட்டாள். குழந்தை சொன்னதற்கு ஆதாரம் உண்டா என்று விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்றாள். மாத்திரையைத் தான் கொடுக்கவில்லை, வீட்டில் கொடுத்திருக்கலாம் என்றார் வாசு. தனக்கு எதுவும் நினைவில்லை என்றார் சக்ரபாணி. எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது நஸ்ரினின் பஸ் கூகட்பள்ளி வழியாகத் திருப்பிவிடப்பட்டது. அங்கே ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேலே வாசுவின் புதிய அகாடமியின் பலகை தொங்கியது. திறந்திருந்த ஜன்னல்களில், வரிசையாகக் கைகளை உயர்த்தி நின்ற சின்னப் பெண்களின் தலைகள் தெரிந்தன. சிக்னல் விழுந்து பஸ் நகரும்வரை அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.